கிரேடு மார்க் வேண்டாம்... பிராக்டிஸ் ரூமைக் காட்டுங்க! பிரிட்டன் மியூசிக் காலேஜுக்கு ஸ்டேட்மென்ட் எழுதுவது எப்படி?

ஸ்க்ரீன்ல ஒரு வெள்ளைக் கட்டம். ஸ்பேஸ், கமா எல்லாம் சேர்த்து 4,000 எழுத்துகள்தான் அதில் அடங்கும். பிரிட்டனில் இருக்கும் ஒரு மியூசிக் கன்சர்வேட்டரிக்கு நீங்க ஏன் போகணும்னு அதில் எழுதணும். முதல் வரியா என்ன எழுதுவீங்க?

நம்ம ஊர்ல பெரும்பாலானவர்களுக்குக் கை தானாகவே இப்படித்தான் போகும்: 'நான் எட்டாவது கிரேடை டிஸ்டிங்ஷனில் முடித்திருக்கிறேன்...' அதில் தப்பு சொல்லவும் முடியாது. எல்.கே.ஜி அட்மிஷன்ல ஆரம்பித்து, யாராவது 'உன்னைப் பத்திச் சொல்லு'ன்னு கேட்டா மார்க் ஷீட்டை நீட்டியே பழகிட்டோம். ஆனா, இந்த ஒரு கட்டத்தில் அந்த மார்க்குக்கு வேலையே இல்லை. ஏன்னு பார்ப்போம்.

லண்டனின் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக், ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக், மான்செஸ்டரின் ராயல் நார்தர்ன் காலேஜ், பர்மிங்ஹாமின் ராயல் பர்மிங்ஹாம் கன்சர்வேட்வா, கிளாஸ்கோவின் ராயல் கன்சர்வேட்வா ஆஃப் ஸ்காட்லாந்து... இப்படிப் பல இசைக் கல்லூரிகளுக்கு 'யூகாஸ் கன்சர்வேட்வாஸ்' என்கிற ஒரே ஆன்லைன் படிவம் வழியாகத்தான் விண்ணப்பிக்கணும். (கன்சர்வேட்டரியை பிரிட்டிஷ்காரங்க 'கன்சர்வேட்வா'ன்னு சொல்வாங்க. ரெண்டும் ஒண்ணுதான்.) அந்தப் படிவத்தில் உங்க தேர்வுகள், கிரேடுகள் எல்லாத்தையும் நிரப்பத் தனியா ஒரு பகுதி இருக்கு. ஏ.பி.ஆர்.எஸ்.எம், டிரினிட்டி கிரேடுகளை அங்கே போட்டாச்சு. அதையே ஸ்டேட்மென்ட்டில் திரும்ப எழுதினா, படிக்கிறவருக்கு அது புதுத் தகவல் இல்லை. உங்களுக்கோ 4,000-ல் ஒரு 400 எழுத்து போச்சு.

இன்னொரு காரணமும் இருக்கு. மருத்துவம், இன்ஜினீயரிங் மாதிரி இங்கே மார்க்கை வைத்து ரேங்க் போடுவதில்லை. இடம் கிடைப்பதும் கிடைக்காததும் ஆடிஷன்லதான். பேனல் முன்னாடி நீங்க வாசிப்பதைக் கேட்டு முடிவு செய்வாங்க. வெளிநாட்டு மாணவர்கள் வீடியோ ரெக்கார்டிங் அனுப்பவும் பல கல்லூரிகள் அனுமதிக்குது. எட்டாவது கிரேடு முடித்தவரின் கை எப்படி இருக்கும் என்பதை அவங்க காதாலேயே கேட்டுக்குவாங்க.

அப்போ ஸ்டேட்மென்ட் எதுக்கு? பத்து, பதினைந்து நிமிட ஆடிஷனில் கேட்க முடியாததைச் சொல்றதுக்கு. யாரும் இல்லாத அறையில் நீங்க எப்படி பிராக்டிஸ் பண்றீங்க? யாரைக் கேட்டு உங்க வாசிப்பு மாறிச்சு? அடுத்து எந்தப் பக்கம் போக நினைக்கிறீங்க? ஒரு ஆசிரியர் உங்களை நாலு வருஷம் கூட வைத்துச் சொல்லிக் கொடுக்கப் போகிறார். தப்பை நீங்களே கண்டுபிடிப்பீங்களா, இல்லை ஒவ்வொண்ணையும் அவர்தான் சொல்லணுமா என்பது அவருக்குத் தெரிய வேண்டிய விஷயம்.

இதுக்கு ஒரே ஒரு சோதனைதான். ஸ்டேட்மென்ட்டில் இருக்கும் ஒவ்வொரு வாக்கியத்தையும் படிச்சுட்டு, ஆடிஷன் அறையில் ஒருவர் 'சரி, அதைக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க' அல்லது 'அதைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க' என்று கேட்டா உங்களால் முடியுமான்னு பாருங்க. 'சின்ன வயசிலிருந்தே இசை என் உயிர்' என்பதை வாசிச்சுக் காட்ட முடியாது. வெட்டிடலாம்.

ஒரு மாணவியை எடுத்துக்கலாம்

பொதுவாவே பேசிட்டிருந்தா விளங்காது. அதனால ஒரு மாணவியைக் கற்பனை பண்ணிக்குவோம். சென்னை. வயசு 17. ஏழு வயசுல கர்னாடக வயலின் ஆரம்பிச்சு, பதினோரு வயசுல வெஸ்டர்ன் வயலினுக்கும் போனவர். ரெண்டும் தொடருது. எட்டாவது கிரேடில் 150-க்கு 134. அது டிஸ்டிங்ஷன்தான், ஏ.பி.ஆர்.எஸ்.எம் கணக்கில் 130-க்கு மேலே எடுத்தாலே டிஸ்டிங்ஷன்.

அவர் எழுதும் முதல் டிராஃப்ட் இப்படி இருக்கும் (எழுதுவது ஆங்கிலத்தில்தான், நாம தமிழில் பார்ப்போம்):

'நான் பத்து வருடங்களாக வயலின் கற்று வருகிறேன். எட்டாவது கிரேடில் டிஸ்டிங்ஷன் பெற்றுள்ளேன். தினமும் நான்கு மணி நேரம் கடுமையாகப் பயிற்சி செய்கிறேன். பாக், மொஸார்ட், லால்குடி ஜெயராமன் ஆகியோர் என்னைப் பெரிதும் கவர்ந்தவர்கள். உலகத் தரம் வாய்ந்த கலைஞராகி, கிழக்கையும் மேற்கையும் இணைப்பதே என் கனவு.'

இதில் பொய் எதுவும் இல்லை. இலக்கணப் பிழையும் இல்லை. ஆனா இதை வயலின் தெரிந்த ஆயிரம் பேர் அப்படியே எழுதலாம். பெயர்களை மாற்றினா பியானோகாரரும் எழுதலாம். 'நான்கு மணி நேரம்' என்பதுகூட ஒரு மார்க் மாதிரிதான். அந்த நாலு மணி நேரத்தில் என்ன நடந்துச்சுன்னு அது சொல்லலையே!

பிராக்டிஸ்: ஒரு தப்பு, அதைத் துரத்தின கதை

அவரிடம் உட்கார்ந்து, 'இப்போ எதை வாசிக்க முடியாம கஷ்டப்படறே?'ன்னு கேட்டா கதையே மாறிடும்.

அவர் இப்போ வாசிப்பது பாக்கின் இரண்டாவது பார்ட்டிட்டா. டி மைனரில் அமைந்தது. வேற எந்த வாத்தியமும் இல்லாமல் தனி வயலினுக்கு பாக் எழுதிய ஆறு படைப்புகளில் ஒண்ணு. அந்தத் தொகுப்பின் கையெழுத்துப் பிரதியில் 1720 என்று ஆண்டு போட்டிருக்கும். அந்தப் பார்ட்டிட்டாவில் மூணாவதா வருவது சரபாண்டா. மெதுவான, மூணு அடி தாளத்தில் வரும் நடன இசை. அதில் இரண்டாவது அடி கொஞ்சம் அழுந்தி நிற்கணும். அதுதான் சரபாண்டாவின் அடையாளம்.

பிரச்னை என்னன்னா, அதில் நிறைய இடங்களில் மூணு, நாலு சுரங்கள் ஒன்றாக வரும். அதைத்தான் கார்ட் என்கிறோம். வயலினின் பிரிட்ஜ் வளைவா இருக்கும். வில்லால் நாலு தந்தியையும் ஒரே நேரத்தில் பிடிச்சு நிறுத்த முடியாது. அதனால கீழ் சுரங்களை முதலில் தொட்டுவிட்டு, மேல் சுரங்களுக்கு உருட்டிப் போகணும். நம்ம மாணவி போனில் ரெக்கார்ட் பண்ணிக் கேட்டபோதுதான் அவருக்கே தெரிஞ்சது: அப்படி உருட்டும்போது ஒவ்வொரு கார்டிலும் கொஞ்சம் லேட் ஆகுது. பார்க்குப் பார் அது சேர்ந்துக்கிட்டே போய், எட்டாவது பார் வரும்போது தாளமே காணாமப் போச்சு. வாசிக்கும்போது அது உணர்ச்சியா தோணுச்சு. ரெக்கார்டிங்ல கேட்டா வெறும் தடுமாற்றம்.

அவர் என்ன பண்ணினார்? முதல் மூணு நாள் கார்டுகளை வாசிக்கவே இல்லை. மேலே போகும் மெலடியை மட்டும், ஒற்றைத் தந்தியில், மெட்ரோனோம் வைத்து வாசித்தார். அடுத்து கீழ்க் குரலை மட்டும். அப்புறம் ரெண்டையும் சேர்க்கும்போது ஒரு முடிவு எடுத்தார்: கீழ் சுரங்கள் அடிக்குச் சற்று முன்னாடியே வந்துடணும், மேல் சுரம்தான் அடியின் மேல விழணும். திரும்ப ரெக்கார்ட் பண்ணினார். முதல் நாலு பார் நின்னுச்சு. ஐந்தாவதில் திரும்ப ஓடிப்போச்சு. ரெண்டு வாரத்தில் முதல் எட்டு பாரும் நின்னது.

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. அதுதான் இவருக்கே உரியது. கர்னாடக வாசிப்பில் விரல் தந்தியின் மேல் வழுக்கிப் போவது இயல்பு. கமகத்துக்கு அதுதான் உயிர். பாக்கில் அதே விரல், கை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகரும்போது, கேட்கக் கூடாத ஒரு 'உய்ய்' சத்தத்தை விட்டுட்டுப் போகுது. அதைச் சரிபண்ண, நகரும் கணத்தில் விரலின் அழுத்தத்தைக் குறைப்பது, வில்லையும் லேசாக்குவது என்று ரெண்டையும் தனித்தனியா பழகினார். சுருதி சுத்தமா இருக்கான்னு பார்க்க, போனில் தம்பூரா ஆப்பை 'டி' சுருதியில் ஓடவிட்டு அதன் மேல வாசித்தார். லண்டனில் இருக்கும் ஒரு வயலின் ஆசிரியர் இதைப் படிச்சா நிச்சயம் ஒரு நொடி நிப்பார். 'தம்பூரா மேல பாக் சரபாண்டாவா? எந்தெந்த இடத்தில் அந்த டி உதவுச்சு, எந்த இடத்தில் உறுத்துச்சு?' என்று கேட்கத் தோணும். (பதில் தயாரா இருக்கணும். பாக்கின் இசை டி-யிலேயே நிற்காது, வேற சுரங்களை நோக்கி நகரும். அங்கே தம்பூரா சண்டை போடும். அந்த இடங்களில் ஆப்பை நிறுத்திட்டு, பேஸ் சுரத்தைத் திறந்த தந்தியோட ஒப்பிட்டுப் பார்த்தேன் என்று சொன்னா, அது உண்மையிலேயே பண்ணினவர் சொல்லும் பதில்.)

இப்போ இந்த ரெண்டு வாரக் கதையை ஸ்டேட்மென்ட்டில் எப்படி எழுதுவது?

'இந்த மாதம் பாக்கின் டி மைனர் பார்ட்டிட்டாவின் சரபாண்டாவோடு இருக்கிறேன். என் ரெக்கார்டிங்கைக் கேட்டபோது, ஒவ்வொரு கார்டிலும் நான் தாமதிப்பதும், எட்டாவது பாருக்குள் தாளம் கரைந்துபோவதும் தெரிந்தது. மேல் குரலையும் கீழ்க் குரலையும் தனித்தனியே வாசித்து, கீழ் சுரங்களை அடிக்கு முன்பு வைத்துப் பார்த்தேன். இப்போது முதல் பகுதி நிற்கிறது. இரண்டாம் பகுதி இன்னும் நிற்கவில்லை. சிறு வயதிலிருந்து கர்னாடக வயலின் வாசிப்பதால், கை நகரும்போது விரல் வழுக்கும் பழக்கம் எனக்கு உண்டு. எந்த இசையில் அதை வைத்துக்கொள்வது, எதில் விடுவது என்பதை இப்போது நானே தேர்ந்தெடுக்கப் பழகுகிறேன்.'

கவனிச்சீங்களா, 'இரண்டாம் பகுதி இன்னும் நிற்கவில்லை' என்று ஒரு வரி இருக்கு. நம்ம ஊர் கவுன்சலர்கள் சிலர் அதைத்தான் முதலில் வெட்டச் சொல்வாங்க. பலவீனத்தைக் காட்டக் கூடாதாம்! என்னைக் கேட்டா, இந்தப் பத்தியிலேயே நம்பத் தகுந்த வரி அதுதான். எல்லாம் சரியா வருதுன்னா அப்புறம் காலேஜ் எதுக்கு? ஆனா ஒரு எச்சரிக்கை. தன் குறையைச் சொல்றதும், அழுது புலம்பறதும் ஒண்ணு இல்லை. குறை, அதுக்கு நீங்க பண்ணினது, இப்போ எங்கே நிக்குது... இந்த மூணும் சேர்ந்து வந்தாதான் அது பிராக்டிஸ் பற்றிய தகவல்.

பிடித்தவர்கள் பட்டியல் வேண்டாம்

அடுத்தது இன்ஃப்ளூயன்ஸ். இங்கேதான் பலரும் பெயர்களைக் கொட்டுவாங்க. எட்டு பெயர் எழுதினா எட்டு பேரையும் கேட்டவர் என்று நினைப்பாங்கன்னு ஒரு நம்பிக்கை. பேனலில் இருப்பவர் அந்த எட்டில் ஒருவரின் மாணவராகவே இருக்கலாம். 'அவரோட எந்த ரெக்கார்டிங் பிடிக்கும்?' என்று கேட்டா, யூடியூப் தம்ப்நெயில்தான் ஞாபகத்துக்கு வரும்.

ரெண்டு பேர் போதும். ஆனா அவரைக் கேட்ட பிறகு உங்க கையில் என்ன மாறிச்சு என்பது கூடவே வரணும்.

நம்ம மாணவிக்கு ரெண்டு பேர். ஒருவர், பரோக் வயலின் வாசிக்கும் ரேச்சல் பாட்ஜர். பாக்கின் ஆறு தனி வயலின் படைப்புகளையும் ரெக்கார்ட் பண்ணினவர். பரோக் வில்லின் அமைப்பே வேற. நுனிப் பக்கம் எடை குறைவு என்பதால், வில்லை இழுக்க இழுக்கச் சத்தம் தானாகவே மெலியும். இதைத் தெரிஞ்சுக்கிட்ட பிறகு, நம்ம மாணவி தன்னோட சாதாரண வில்லிலேயே கார்டை அழுத்திப் பிடித்து நிறுத்துவதை விட்டுட்டு, அடிச்சதும் விட்டுவிடப் பழகினார். சரபாண்டாவின் தாமதம் குறைந்ததுக்கு அதுவும் ஒரு காரணம். பார்த்தீங்களா, இன்ஃப்ளூயன்ஸ் போய் பிராக்டிஸோட ஒட்டிக்கிச்சு. அப்படி ஒட்டினாதான் அது உண்மையான இன்ஃப்ளூயன்ஸ்.

இன்னொருவர் லால்குடி ஜெயராமன். 'வயலினைப் பாட வைத்தவர்' என்று அவரைப் பற்றி எல்லோரும் சொல்வாங்க. அதையே எழுதினா நாமும் எல்லோரில் ஒருவர். நம்ம மாணவியின் கர்னாடக ஆசிரியர், ஒரு கிருதியை வாசிக்கும் முன்னாடி அதன் சாகித்யத்தைப் பாடச் சொல்வார். எந்தச் சொல்லில் மூச்சு விடணுமோ அங்கேதான் வில்லும் திரும்பணும் என்பது பாடம். லால்குடி ரெக்கார்டிங்கில் அதைக் காதால் கேட்டுப் புரிஞ்சுக்கிட்டவர், சொற்களே இல்லாத பாக்கின் மேல் குரலையும் முதலில் பாடிப் பார்க்கிறார். மூச்சு எங்கே வருதுன்னு பென்சிலில் குறித்துக்கொண்டு, அப்புறம்தான் வில் எப்படிப் போகணும்னு முடிவு பண்றார். இதை ரெண்டே வாக்கியத்தில் எழுதலாம். எழுதினா, 'பாடிக் காட்டுங்க'ன்னு கேட்க வாய்ப்பு இருக்கு. கேட்டா பாடிட வேண்டியதுதான்.

இங்கே ஒரு குட்டிச் செய்தி. வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்த வாத்தியம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்றுக்கொண்டு கர்னாடக இசைக்குள் கொண்டுவந்தார் என்பது நமக்குத் தெரிந்த வரலாறு. அதே வாத்தியத்தை நாம தரையில் உட்கார்ந்து, அதன் தலையைக் காலில் தாங்கி, தந்திகளைச் ச-ப-ச-ப என்று சேர்த்து வாசிக்கிறோம். வெஸ்டர்னில் தோளில் வைத்து, ஜி-டி-ஏ-இ. இதை ஸ்டேட்மென்ட்டில் எழுதலாமான்னு கேட்டா, வரலாற்றை எழுதாதீங்க. அதை அவங்க எங்கே வேணும்னாலும் படிச்சுக்கலாம். ரெண்டு விதமாகவும் உட்கார்ந்து வாசிக்கும் உங்க உடம்புக்கு என்ன தெரியும் என்பதை எழுதுங்க.

'ஃப்யூஷன்' என்ற வார்த்தையில் என்ன பிரச்னை?

மூணாவது, நீங்க போக நினைக்கும் திசை. ஆர்ட்டிஸ்டிக் டைரக்‌ஷன்னு சொல்வாங்க. மூணுலயும் இதுதான் கஷ்டம். 17 வயசுல எப்படித் தெரியும்?

தெரியாதுதான். அவங்களுக்கும் அது தெரியும். வாழ்க்கைத் திட்டத்தைக் கேட்கலை. இப்போ எந்தக் கேள்வி உங்களை அரிக்குது, அதுக்கு அந்தக் காலேஜில் எது உதவும், இந்த ரெண்டுதான்.

'கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் ஃப்யூஷன்' என்று எழுதினா, கேட்கிறவர் மனசில் ஒரு சத்தமும் வராது. எந்தக் கிழக்கு? எந்த மேற்கு? எப்படி இணைப்பீங்க? ஃப்யூஷன் கெட்ட வார்த்தை இல்லை. ஆனா ஸ்டேட்மென்ட்டில் அது யோசிக்காமல் தப்பிக்கிற வழியா ஆகிடுச்சு.

நம்ம மாணவியையே எடுத்துக்கலாம். பார்டோக்கின் 'ருமேனிய நாட்டுப்புற நடனங்கள்' வாசிக்கிறார். 1915-ல் பியானோவுக்கு பார்டோக் எழுதியது. வயலினுக்கு அதை மாற்றி அமைத்தவர் ஸோல்டான் ஸேக்கெய். பார்டோக் கிராமம் கிராமமாப் போய், ஃபோனோகிராஃப் கருவியில் நாட்டுப்புறப் பாட்டுகளைப் பதிவு பண்ணினவர். கேட்டதைத் தாளில் எழுதும்போது எது தாளுக்குள் அடங்குது, எது நழுவுது என்பது அவரோட கேள்வியா இருந்துச்சு. நம்ம மாணவிக்கும் அதே கேள்வி வேற வடிவத்தில் வருது: தோடி ராகத்தின் காந்தாரத்தை வெஸ்டர்ன் நொட்டேஷனில் எப்படி எழுதுவது? ஒரு சுரமா எழுதினா அசைவு போயிடுது. அசைவை எல்லாம் சின்னச் சின்னச் சுரங்களா எழுதினா, படிக்கிறவர் அதை இயந்திரம் மாதிரி வாசிக்கிறார். அவரே எழுதிப் பார்த்து, கர்னாடகம் தெரியாத ஒரு தோழியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லித் தோத்துப்போனார். 

இதுதான் டைரக்‌ஷன்! இதை இப்படி எழுதலாம்:

'தோடியின் ஒரு வரியை நொட்டேஷனில் எழுதி, கர்னாடக இசை தெரியாத தோழியிடம் கொடுத்தேன். அவள் எழுதியிருந்ததைச் சரியாகவே வாசித்தாள். ஆனால் அது தோடியாக இல்லை. இசையமைப்பு படிக்கும் மாணவர்களோடு உட்கார்ந்து, இதை எப்படி எழுதுவது என்று தேட விரும்புகிறேன். சென்னையில் எனக்கு ஸ்ட்ரிங் குவார்ட்டெட் வாசிக்கும் வாய்ப்பு அமையவில்லை. இரண்டாம் வயலினாக, நடுக் குரலில் உட்கார்ந்து வாசிப்பதையே முதலில் கற்க விரும்புகிறேன்.'

கடைசி வாக்கியம் முக்கியம். வெஸ்டர்ன் இசையில் பெரும்பகுதி கூட்டாக வாசிப்பது. தனியாவே பழகி வந்தவருக்கு, அடுத்தவர் மூச்சைக் கேட்டு வாசிக்கும் பழக்கம் குறைவா இருக்கும். அந்தக் குறை ஆடிஷனில் எப்படியும் தெரியும். நீங்களே முன்னாடி சொல்லிட்டா, அது குறை என்பதைத் தாண்டி, நீங்க கற்க வரும் விஷயமா மாறிடும்.

எங்கெல்லாம் சறுக்கும்?

ஒரு முக்கியமான விஷயம்: யூகாஸ் கன்சர்வேட்வாஸ் படிவத்தில் ஆறு தேர்வுகள் வரை போடலாம். ஆனா ஸ்டேட்மென்ட் ஒண்ணுதான். அதே ஸ்டேட்மென்ட்தான் எல்லாக் கல்லூரிக்கும் போகும். 'ராயல் அகாடமியில் படிப்பது என் வாழ்நாள் கனவு' என்று எழுதினா, மத்த அஞ்சு பேரும் அதைப் படிப்பாங்க. கல்லூரிப் பெயரோ, குறிப்பிட்ட ஆசிரியர் பெயரோ வேண்டாம். 'குவார்ட்டெட் பயிற்சி', 'இசையமைப்பு மாணவர்களோடு வேலை' என்று உங்களுக்கு என்ன தேவையோ அதைச் சொன்னா, ஆறு இடத்துக்கும் பொருந்தும்.

அடுத்தது காப்பி. இன்டர்நெட்டில் 'சாம்பிள் ஸ்டேட்மென்ட்' ஏராளம். யூகாஸிடம் வந்து சேரும் ஸ்டேட்மென்ட்கள் ஏற்கெனவே வந்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படும். ரொம்ப ஒத்துப்போனா, நீங்க விண்ணப்பித்த கல்லூரிகளுக்குத் தகவல் போகும். மேலே இருக்கும் சரபாண்டா பத்தியையும் சேர்த்துத்தான் சொல்றேன்! அது அந்தக் கற்பனை மாணவியோட கை. உங்க கைக்கு வேற பிரச்னை இருக்கும்.

அப்புறம், ஆங்கிலம். காசு வாங்கிக்கிட்டு எழுதித் தருபவர்கள் இருக்காங்க. அவங்க எழுதினது வழவழன்னு இருக்கும். இன்டர்வியூவில் நீங்க பேசும் ஆங்கிலம் வேற மாதிரி இருக்கும். அந்த இடைவெளி உடனே தெரியும். சின்ன வாக்கியமா, உங்களுக்குத் தெரிந்த சொற்களில் நீங்களே எழுதுங்க. பிழை இருந்தா ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கலாம்.

எழுத எப்படி உட்காரணும்? நேரா அந்தக் கட்டத்தில் டைப் பண்ணாதீங்க. மூணு வாரம், பிராக்டிஸ் முடிந்ததும் போன் நோட்ஸில் ரெண்டு வரி: இன்னிக்கு எந்த பார், என்ன தப்பு, என்ன பண்ணினேன். மூணு வாரத்தில் 20 குறிப்பு சேரும். அதில் நல்லதா ரெண்டை எடுங்க. மிச்சத்தை விட்டுடுங்க. 4,000 எழுத்து என்பது ஆங்கிலத்தில் சுமார் 650 வார்த்தைதான். நான் பிரிப்பதா இருந்தா, பிராக்டிஸுக்கு 1,500, இன்ஃப்ளூயன்ஸுக்கு 1,000, திசைக்கு 900, மீதியை நீங்க கூட்டாக வாசித்த அனுபவம், சொல்லிக் கொடுத்த அனுபவம் இதுக்கெல்லாம் வைப்பேன். பிராக்டிஸுக்கு அதிக இடம் ஏன்னா, உங்களைத் தவிர வேற யாராலும் எழுத முடியாத பகுதி அதுதான்.

மார்க்கை எங்கேயும் சொல்லாமல் இருப்பது பயமா இருந்தா, அதுக்கும் ஆள் இருக்கு. இந்தப் படிவத்துக்கு ரெண்டு ரெஃபரன்ஸ் வேணும். ஒண்ணு உங்க படிப்பு பற்றி, பள்ளியிலிருந்து. இன்னொண்ணு உங்க வாசிப்பு பற்றி, இசை ஆசிரியரிடமிருந்து. உங்க டெக்னிக் எந்த அளவில் இருக்கு, எவ்வளவு வேகமா முன்னேறினீங்க என்பதை அவர் சொன்னாதான் எடுபடும். அதனால ஸ்டேட்மென்ட்டை அனுப்பும் முன்னாடி அவரிடம் காட்டிடுங்க. நீங்க 'கார்டில் தாமதம்' என்று எழுத, அவர் 'எந்தக் குறையும் இல்லாத தாளக்கட்டு' என்று எழுதினா, படிக்கிறவர் யாரை நம்புவார்?

சாதாரண யுனிவர்சிட்டிகளுக்கு ஜனவரி வரை டைம் இருக்குன்னு அசட்டையா இருந்துடாதீங்க. இசைப் படிப்புகளுக்கான கடைசித் தேதி, சேரும் வருஷத்துக்கு முந்தின அக்டோபர் தொடக்கத்திலேயே வந்துடும். ஆடிஷன்கள் அதைத் தொடர்ந்து வரும் மாதங்களில். அதாவது, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் போகணும்னா, பன்னிரண்டாவது ஆரம்பித்த கையோட இந்த வேலையும் ஆரம்பிக்கணும். சரியான தேதியை அந்த வருஷத்துப் படிவத்தில் பார்த்துக்குங்க. யூகாஸ் கணக்கில் அந்த நாள் முடிவது பிரிட்டன் நேரம் மாலை 6 மணிக்கு. அக்டோபர் தொடக்கத்தில் அது நமக்கு இரவு 10.30.